"தெரிஞ்சா செய்ய மாட்டாங்க" என்பது பொய்

1)
"தெரிஞ்சா எவனும் செய்ய மாட்டான் டாக்டர். ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல, அதான் பிரச்சனை."

போன மாசம் ஒரு மது எதிர்ப்புக் கூட்டத்துல பெரியவர் ஒருத்தர் இதைச் சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்த ஆரம்பிச்சது. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் ஒரு நோயாளிக்குத் தப்பு பண்ணியிருக்கேன். அதையும் சேர்த்தே சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

2)
முதல்ல ஒண்ணு. இந்த வாக்கியம் அந்தப் பெரியவருடையது இல்ல. சுமார் 2400 வருஷத்துக்கு முன்னாடி ஏதென்ஸ் நகரத்துல சாக்ரடீஸ் சொன்னது. அவர் எதையும் எழுதி வைக்கல. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதின 'புரோட்டாகோரஸ்' என்ற உரையாடல்ல இந்த வாதம் விரிவா வருது. சுருக்கம் இதுதான்: நல்லது எதுன்னு உண்மையிலேயே தெரிஞ்ச எவனும் கெட்டதைத் தேர்ந்தெடுக்க மாட்டான். செய்யறான்னா அவனுக்குத் தெரியலன்னு அர்த்தம். "தெரியும், ஆனா ஆசை என்னை ஜெயிச்சிடுச்சு" என்று ஒருத்தன் சொன்னா, அவன் தன்னையே சரியாப் புரிஞ்சுக்கலன்னு அர்த்தம்.

3)
சாக்ரடீஸ் லேசுப்பட்ட ஆள் இல்ல. இதுக்கு ஒரு அழகான விளக்கமும் கொடுக்கிறாரு. பக்கத்துல இருக்கிற பொருள் பெருசாத் தெரியும், தூரத்துல இருக்கிறது சின்னதாத் தெரியும். சுகமும் துக்கமும் அப்படித்தான். இன்னைக்கு சாயங்காலத்து சுகம் கண்ணு முன்னாடி மலை மாதிரி நிக்கும். பத்து வருஷம் கழிச்சு வரப்போற ஈரல் நோய் கடுகு மாதிரி தெரியும். அதனால மனுஷன் அளவைத் தப்பாப் போடறான். சரியா அளக்கச் சொல்லிக் கொடுத்தா போதும், திருந்திடுவான்.

எங்க ஆஸ்பத்திரி சுவர்ல ஒட்டியிருக்கிற போஸ்டர்ல இருந்து பள்ளிக்கூட விழிப்புணர்வுப் பேரணி வரைக்கும் எல்லாமே இந்த நம்பிக்கை மேல கட்டினதுதான். பேரு தெரியாமலே நாம எல்லாரும் சாக்ரடீஸ் கட்சி.

4)
இப்ப என் நோயாளி. அடையாளங்களை மாத்தியிருக்கேன். வயசு நாற்பத்து நாலு, கொத்தனார், கடலூர் பக்கம். மஞ்சக்காமாலை, வயிறு நிறைய நீர், கால் வீக்கம். இருபது வருஷக் குடி, கடைசி ஏழெட்டு வருஷமா தினமும் ரெண்டு குவார்ட்டர். ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி. அதுல மட்டும் சுமார் 60 கிராம் சாராயச் சத்து இருக்கு. ரெண்டுன்னா 120. இதை ஒரு ஈரல் தினமும் தாங்கணும்.

வார்டுல பதினோரு நாள் இருந்தாரு. நீர் குறைஞ்சது, பசி எடுத்தது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு நான் உட்கார்ந்து படம் போட்டு விளக்கினேன். ஈரல் எப்படிச் சுருங்குது, நீர் ஏன் சேருது, தொடர்ந்து குடிச்சா உணவுக்குழாய்ல ரத்தநாளம் புடைச்சு எப்படி வெடிக்கும், எல்லாம். கவனமாக் கேட்டாரு. பக்கத்து பெட் ஆளுக்கு அதையே திருப்பிச் சொன்னாரு. என்னை விட நல்லா சொன்னாரு.

ஏழு வாரத்துல மறுபடி வந்தாரு. குடிச்சிருந்தாரு.

5)
"ஏண்ணே, அன்னைக்கு அவ்வளவு சொன்னேனே, புரியலையா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கல.

"சார், என்னை என்ன வேணா சொல்லுங்க. எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

நான் என்ன பண்ணேன் தெரியுமா? கோவப்பட்டேன். "தெரியும்னா அப்போ திமிரா? பொண்டாட்டி புள்ளைங்களைப் பத்தி யோசனையே இல்லையா?" என்று ஓபில நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். ஒரு நாள்ல நூத்துக்கணக்கான பேரைப் பார்க்கிற ஓபி அது. ஆனா அது காரணம்தான், நியாயம் ஆகாது. தலையக் குனிஞ்சுக்கிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிட்டுப் போனாரு.

6)
அதுக்கப்புறம் அவர் ஃபாலோ அப்புக்கு வரல. நாலு மாசம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோல கொண்டு வந்தாங்க. ரத்த வாந்தி. நான் படம் போட்டுக் காட்டின அதே ரத்தநாளம்தான். ரத்தம் ஏத்தி, மருந்து போட்டு, எண்டோஸ்கோப்பி வசதி இருக்கிற இடத்துக்கு அனுப்பினோம். அங்க பேண்ட் போட்டு நிறுத்தினாங்க. பிழைச்சாரு.

அவர் மனைவி என்கிட்ட சொன்னாங்க: "மூணு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிட்டாரு சார். டாக்டர் திட்டுவாரு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு."

அந்த நாலு மாசத்துல நான் பார்த்திருந்தா, ரத்தநாள அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம். எண்டோஸ்கோப்பிக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்கலாம். என் கோவம்தான் அந்தக் கதவை மூடினது.

7)
இந்தக் கதையில நான் ரெண்டு தப்பு பண்ணேன்னு இப்ப புரியுது. முதல் தப்பு, தெரியாமத்தான் குடிக்கிறாருன்னு நம்பினது. ரெண்டாவது தப்பு, "தெரியும்" என்று அவர் சொன்ன அடுத்த நிமிஷமே திமிர் என்று முடிவு கட்டினது. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்: தெரிஞ்சும் முடியாமப் போறதுன்னு ஒரு நிலை இருக்குன்னு ஒத்துக்க மறுக்கிறது. சாக்ரடீஸ் மறுத்ததும் அதைத்தான்.

அந்த நிலை இருக்குங்க. அதுக்கு மூணு சாட்சி சொல்றேன். எல்லாம் நம்ம ஊர்ல தினமும் பார்க்கிறதுதான்.

8)
முதல் சாட்சி: ஒளிக்கிறது.

அந்தக் கொத்தனார் பாட்டிலை எங்க வைப்பாரு தெரியுமா? சிமெண்டு மூட்டைக்குப் பின்னாடி. பொண்ணு ஸ்கூல்ல இருந்து வர்ற நேரத்துல வாயில பாக்கு. நல்லதுன்னு நினைச்சுச் செய்யறவன் ஒளிக்க மாட்டான். அளவு தெரியாம ஏமாந்து போனவனும் ஒளிக்க மாட்டான். ஒளிக்கிறவனுக்குத் தெரியும். செஞ்சு முடிச்ச பிறகு இல்ல, செய்யும்போதே தெரியும்.

9)
சாக்ரடீஸ் பக்கத்துல இருந்து இதுக்கு ஒரு பதில் வரும். "அது உண்மையான அறிவு இல்லப்பா, வாயால சொல்ற அறிவு." அரிஸ்டாட்டில் கூட இதுக்குக் கொஞ்சம் பக்கத்துல போறாரு. போதையில இருக்கிறவன் எம்பெடோக்ளிஸ் என்ற கவிஞரின் பாட்டை ஒப்பிக்கிற மாதிரி, ஆசையில இருக்கிறவன் சரியான வார்த்தைகளைச் சொல்லுவான், ஆனா அந்த நேரத்துல அறிவு அவனுக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும் என்கிறாரு. இது எனக்கு ஓரளவு பிடிச்ச விளக்கம்.

ஆனா "உண்மையான அறிவுன்னா செயலா மாறணும், மாறலன்னா அது அறிவே இல்ல" என்று சொன்னீங்கன்னா, நீங்க எதையும் நிரூபிக்கல. அறிவுங்கிற சொல்லுக்கே புது அர்த்தம் கொடுத்துட்டீங்க, அவ்வளவுதான். அந்தக் கணக்குல யாருமே தெரிஞ்சு தப்பு செய்ய முடியாதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்த வாந்தியோட வர்றவருக்கு அந்த அர்த்தத்தால என்ன பிரயோஜனம்?

10)
ரெண்டாவது சாட்சி: தைப்பூசத்துக்கு முந்தின நாள்.

வடலூர் நம்ம மாவட்டம். வள்ளலார் நினைவா தைப்பூசம் அன்னைக்கு தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக் கடைக்கு லீவு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எந்தக் கடைப் பக்கமாவது போய்ப் பாருங்க. வரிசை ரோட்டுக்கு வந்திருக்கும். மறந்தவங்களுக்கு மறுநாள் இருக்கவே இருக்கு முள்ளோடை. எல்லையைத் தாண்டினா பாண்டிச்சேரி.

சாக்ரடீஸ் கணக்குப்படி சுகம் கிட்ட வரும்போதுதான் மயக்கம். ஆனா இவங்க நாளைக்குத் தேவையானதை இன்னைக்கே யோசிச்சு, ஆதார் அட்டை எடுத்துட்டுப் போற மாதிரி நிதானமாத் திட்டம் போட்டு வாங்கறாங்க. இது கண் மயக்கமா? தூரத்துல இருக்கிறதைச் சரியா அளக்கத் தெரிஞ்ச ஆளுங்கதான் இவங்க.

11)
ஒரு மருத்துவனா இந்த வரிசையைப் பார்த்தா எனக்கு ரெண்டு வகை மனுஷங்க தெரியறாங்க. ஒருத்தன் பழக்கத்துக்காக நிக்கிறான். இன்னொருத்தன் பயத்துக்காக நிக்கிறான். ரெண்டாவது ஆளுக்குக் குடி நின்னா ஆறு எட்டு மணி நேரத்துல கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போயிடும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறி, இல்லாத பூச்சி ஊருற மாதிரி தெரியும், ஆளு தெரியாது. இதுல உயிரே போகலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கேள்வி போதும்: "காலையில எழுந்ததும் கை நடுக்கம் நிக்கறதுக்காகக் குடிக்கிறீங்களா?" ஆமாம்னு சொன்னா அவர் சுகத்துக்குக் குடிக்கல. சுகம் போய்ப் பல வருஷம் ஆயிடுச்சு. அவர்கிட்ட ஈரல் படத்தைக் காட்டி "அளந்து பாருங்க" என்று சொல்றது, மூழ்குறவன்கிட்ட தண்ணியோட ஆழத்தைச் சொல்ற மாதிரி.

12)
மூணாவது சாட்சி: நான்தான்.

கேஷுவால்டி டூட்டில தலைக்காயம் எத்தனை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. சிதம்பரம் ரோட்டுல பைக்ல இருந்து விழுந்து வர்ற பசங்களோட மூக்குலயும் காதுலயும் ரத்தம் வழியறதைப் பார்த்திருக்கேன். ஒரு நாள் காலையில அப்படி ஒரு பையனை வென்டிலேட்டர்ல விட்டுட்டு வெளிய வந்து, ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சுக்கிட்டு செம்மண்டலம் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்.

இதுல எனக்கு என்ன சுகம்? ஒண்ணுமே இல்ல. அறிவுல குறையா? இந்த விஷயத்துல என்னை விடத் தெரிஞ்சவங்க ரோட்டுல அதிகம் பேர் இருந்திருக்க மாட்டாங்க. "இங்கதானே போறோம்" என்ற ஒரு சோம்பல், அவ்வளவுதான். என் படிப்பு என் தலையைக் காப்பாத்தல. அதே படிப்பை வச்சுக்கிட்டு நான் இன்னொருத்தரைப் பார்த்துக் கத்தினேன்.

13)
நம்ம மாவட்டத்து ஜனங்களுக்கு இது புதுசு இல்லைங்க. திரௌபதி அம்மன் திருவிழாவுல விடிய விடிய கூத்து பார்க்கிறவங்க நாம. அதுல சூதாடுறது யாரு? முட்டாளா? தருமன். தருமத்தையே பேரா வச்சிருக்கிறவர். ஒரு தடவை எல்லாத்தையும் தோத்து, திரௌபதியால எல்லாம் திரும்பக் கிடைச்ச பிறகும், மறுபடி கூப்பிட்டதும் போய் உட்கார்றாரு. கூத்துப் பார்க்கிற எந்தக் கிழவியும் "ஐயோ பாவம், தருமருக்குச் சூது கெட்டதுன்னு தெரியாது" என்று சொல்றதில்ல. தெரிஞ்சும் போறானேன்னுதான் அழுவாங்க. சாக்ரடீஸ் நம்ம ஊர் கூத்துக்களத்துல ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கணும்.

14)
"அப்போ மனவலிமை இல்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்பீங்க. அதுவும் சரியா வராது. ஏன்னா கார்த்திகை மாசம்.

வருஷம் பூரா குடிக்கிறவங்க ஐயப்பனுக்கு மாலை போட்டதும் 41 நாள் தொடறதில்ல. ஆடி மாசம் அம்மன் கோயில்ல காப்பு கட்டினா அவுக்கற வரைக்கும் தொடறதில்ல. அதே மனுஷன், அதே கடை, அதே அறிவு. மாலையில புது மருத்துவத் தகவல் எதுவும் இல்ல. என்னதான் மாறிச்சு?

நான் பார்த்த வரைக்கும் மூணு விஷயம் மாறுது. ஒண்ணு, தினமும் சாயங்காலம் "இன்னைக்குக் குடிக்கலாமா" என்ற கேள்வியே எழறதில்ல. அது ஒரே தடவையில, காலையில, குளிச்சுட்டு நிதானமா இருக்கும்போது முடிவாயிடுச்சு. ரெண்டு, அந்த முடிவு கழுத்துல தொங்குது, ஊரே பார்க்குது. மூணு, நேத்து வரைக்கும் குடிகாரன்னு சொன்ன தெரு இன்னைக்கு "சாமி" என்று கூப்பிடுது. கேவலப்படுத்தி யாரும் அவரை நிறுத்தல. மரியாதை கொடுத்து நிறுத்தினாங்க.

15)
இங்க ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு மனசுல வச்சுக்கோங்க. மேல சொன்ன காலை நடுக்கம் இருக்கிறவங்க மாலை போட்டோ, கயிறு கட்டியோ திடீர்னு தனியா நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வர்ற சாமிங்களை நாங்க பார்த்திருக்கோம். முதல்ல அரசு மருத்துவமனைக்கு வாங்க. சில நாள் உள்ள வச்சு, நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து பத்திரமா நிறுத்தலாம்.

இன்னொண்ணு. "சாப்பாட்டுல தெரியாமக் கலந்து கொடுங்க, குடியை விட்டுடுவாரு" என்று விற்கிற மருந்துகளை வாங்காதீங்க. அதுல டைசல்பிராம் இருந்து, அவர் தெரியாம மேல குடிச்சா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஈரல் கெட்டவங்களுக்கு அந்த மருந்தே ஆகாது.

16)
மறுபடி கொத்தனார் அண்ணன். பிழைச்சு வந்த பிறகு இந்தத் தடவை நான் படம் போடல. முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, எழுந்து நின்னுட்டாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எந்த நேரத்துல தோக்கறீங்க?"

யோசிச்சுச் சொன்னாரு. சனிக்கிழமை சாயங்காலம், கையில வாரச் சம்பளம், சைட்டுல இருந்து வீட்டுக்குப் போற வழியில கடை. மத்த நாள் எப்படியோ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுவாரு. சனிக்கிழமை விழுந்தா அந்த வாரமே விழுந்திடும்.

அவரே மூணு ஏற்பாடு சொன்னாரு. மேஸ்திரி சம்பளத்தை மனைவிக்கு ஜிபேல போட்டுடணும். சனிக்கிழமை வேலை முடியற நேரத்துக்குப் பொண்ணு போன் பண்ணணும். வேற வழியில திரும்பணும், சுத்துதான், பரவாயில்ல. ஈரல் நிலைக்கு ஏத்த மாத்திரையை மனநல மருத்துவர் எழுதினாரு. மாசம் ஒரு தடவை என்னைப் பார்க்கணும். குடிச்சிருந்தாலும் வரணும், குடிச்சிருந்தா கண்டிப்பா வரணும்.

17)
"முழுசாத் திருந்திட்டாரா டாக்டர்?" இல்லைங்க. ஒன்றரை வருஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை சறுக்கினாரு. ஒரு தடவை மேஸ்திரி வெளியூர் போனதால சம்பளம் கையில வந்த சனிக்கிழமை. இன்னொரு தடவை மச்சான் வீட்டுச் சாவு. ரெண்டு தடவையும் மூணு நாளுக்குள்ள வந்து நின்னாரு. இதைத்தான் நான் வெற்றின்னு சொல்றேன். ஈரல் பழைய மாதிரி ஆகாது. ஆனா நீர் சேரல, வேலைக்குப் போறாரு.

கவனிச்சீங்களா, அவருக்கு இந்தத் தடவை நான் எந்தப் புது அறிவும் கொடுக்கல. இருந்த அறிவை வேற நேரத்துல வேலை செய்ய வச்சோம்.

18)
சாக்ரடீசுக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துடறேன். கிட்ட இருக்கிறது பெருசாத் தெரியும்னு சொன்னாரே, அது பொன்னான உண்மை. தப்பு எங்கன்னா, சரியா அளக்கக் கத்துக்கிட்டா அந்த மயக்கம் போயிடும்னு நினைச்சது. போகாது. நிலா அடிவானத்துல பெருசாத் தெரியறது வெறும் தோற்றம்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகும் பெருசாத்தானே தெரியுது?

அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு அளக்காதீங்க. காலையில அளந்து, சாயங்காலத்துக்கு முன்னாடியே வழியை அடைச்சு வைங்க.

19)
கடைசியா, தனி மனுஷனை மட்டும் பேசிட்டுப் போனா அது கோழைத்தனம். அரிஸ்டாட்டில் ஒரு உவமை சொல்றாரு: மனக்கட்டுப்பாடு இல்லாதவன், நல்ல சட்டங்களை எல்லாம் போட்டு வச்சுக்கிட்டு எதையும் பயன்படுத்தாத நகரம் மாதிரி.

நம்ம மாநிலத்துல இன்னைக்கும் அமலில் இருக்கிற சட்டத்தின் பேரு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. கடைகளைப் பார்த்துக்கிற துறையின் பேரு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கையில. பாட்டில் மேல எச்சரிக்கையும் நம்ம தமிழ்லயே இருக்கு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதான் நிலை. தெரிஞ்சே செய்யறதுக்கு இதை விடப் பெரிய உதாரணம் வேணுமா? நான் அரசு ஊழியன், இதோட நிறுத்திக்கறேன். ஒண்ணு மட்டும்: குடிக்கிறவரைப் பார்த்து "உனக்கு மனவலிமை இல்ல" என்று சொல்றதுக்கு முன்னாடி, அவர் வீட்டுக்குப் போற வழியில கடையை வச்சது யாருன்னும் கேளுங்க.

20)
"அப்போ யார் மேலயும் தப்பே இல்லையா? எல்லாரும் பாவமா?" இந்தக் கேள்வி கமெண்ட்ல கண்டிப்பா வரும். அடிவாங்கற மனைவிங்க கேட்டா அது நியாயமான கேள்வியும் கூட. என் பதில்: பொறுப்பு இருக்கு. அடிச்சதுக்குச் சட்டப்படி பதில் சொல்லியே ஆகணும், போதை சாக்கு ஆகாது. குடிக்கும் பொறுப்பு இருக்கு, ஆனா அதைக் கடை வாசல்ல தேடாதீங்க. நிதானமா இருக்கும்போது வழியை மாத்தினாரா, சம்பளத்தை ஒப்படைச்சாரா, டாக்டரைப் பார்க்க வந்தாரா என்று கேளுங்க. அங்க முடியும். முடியற இடத்துல செய்யலன்னா அப்போ கேள்வி கேளுங்க, நானும் உங்க கூட கேட்பேன்.

21)
உங்க வீட்லயும் ஒருத்தர் இருப்பாரு. குடியா இருக்கலாம், சர்க்கரை வியாதியோட ராத்திரி சாப்பிடற மைசூர்பாகா இருக்கலாம், பீடியா இருக்கலாம். அவர்கிட்ட "தெரியாதா உனக்கு?" என்று இன்னைக்கு ராத்திரி கேட்காதீங்க. அவருக்குத் தெரியும். நாளைக்குக் காலையில டீ குடிக்கும்போது, "எந்த நேரத்துல கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்க.

நான் இப்ப ஹெல்மெட்டை பைக் சாவியோட சேர்த்து மாட்டி வைக்கிறேன். சாவி எடுத்தா ஹெல்மெட் கையில வந்துடும். எனக்குத் தெரிஞ்சது அப்படியேதான் இருக்கு, ஒரு துளி கூடல.

இழையை இதோட முடிச்சுக்கறேன்.